தாத்தா தச்ச சட்டையில் நாக்கு எங்கே சிக்குகிறது: நா பிறழ் வாக்கியத்தைப் பிரித்துப் பார்க்கும் வழி

எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் தமிழ்ப்பள்ளியில் ஏதாவது விழா என்றால் நா பிறழ் போட்டி ஒன்று கட்டாயம் இருக்கும், அதில் "யாரு தச்ச சட்டை, தாத்தா தச்ச சட்டை" கட்டாயம் வரும். செம்பனைத் தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வருகிற முதலாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட இதில் தெரியாத வார்த்தை ஒன்றுமில்லை. நீளமும் இல்லை. ஆனால் மூன்றாவது தடவை வேகமாகச் சொல்லும்போது மேடையில் நிற்கிற தலைமையாசிரியருக்கே "தட்டை" என்று வந்துவிடும். தெரிந்த வார்த்தை, சின்ன வாக்கியம், பிறகு ஏன் வாய் குழறுகிறது? பிள்ளைகளைப் போட்டிக்குத் தயார் செய்கிறவர்கள் "நல்லா பழகு, வந்துடும்" என்று சொல்லி விட்டுவிடுகிறார்கள், ஆனால் எந்த இடத்தில் ஏன் சிக்குகிறது என்று தெரிந்துகொண்டு பழகினால் வேலை பாதியாகக் குறையும். இந்த ஒரு வாக்கியத்தையே எடுத்துப் பிரித்துப் பார்ப்போம், வேறு எதற்கும் இதே முறைதான்.

முதல் படி: பிசகுகளைச் சேகரியுங்கள்

கைப்பேசியில் ஒலிப்பதிவைப் போட்டுவிட்டு, வாக்கியத்தை மூச்சு விடாமல் ஐந்தாறு தடவை சொல்லுங்கள். பேச்சில் எப்படி வருமோ அப்படி, "தச்ச" என்றே சொல்லுங்கள். "தைத்த" என்று எழுத்து நடையில் சொன்னால் அது வேறு வாக்கியம், சிக்கலும் வேறு. வீட்டில் இன்னும் இரண்டு மூன்று பேரையும் சொல்ல வையுங்கள், பாட்டி இருந்தால் நல்லது.

இப்போது பதிவைக் கேட்டு, தப்பியதை வாயில் வந்தபடியே எழுதுங்கள். பெரும்பாலும் இவைதான் வரும்: "தச்ச தட்டை", "சச்ச சட்டை", "தாச்சா தச்ச", "தாத்தா தத்த சட்டை". "தச்சச் சட்டை" என்று ஒன்று வரும், அது பிசகு மாதிரியே கேட்காது, ஆனால் பிசகுதான். தைத்த என்பது பெயரெச்சம், அதற்குப் பிறகு வல்லினம் மிகாது. முன்னால் சொன்ன ச்ச என்ற அழுத்தம் அடுத்த ச மேலும் ஏறிவிடுகிறது, அவ்வளவுதான். தப்பாமல் ஆனால் தயங்கி நின்ற இடங்களையும் குறியுங்கள், தயக்கம் என்பது வாய்க்கு முன்னாலேயே பிடிபட்ட பிசகு.

பட்டியலை ஒரு தடவை உற்றுப் பாருங்கள். "கச்ச சட்டை" என்று யாராவது சொன்னார்களா? "தச்ச மட்டை"? சொல்லியிருக்க மாட்டார்கள். குழறல் என்றால் எது வேண்டுமானாலும் வாயில் வரும் என்றில்லை. வந்ததெல்லாம் அதே வாக்கியத்துக்குள் இருக்கிற த, ச, ட மட்டும்தான், அவையும் தங்களுக்குள் இடம் மாறித்தான் வந்திருக்கின்றன. அதிலும் வார்த்தையின் முதலில் இருந்தது இன்னொரு வார்த்தையின் முதலுக்குப் போயிருக்கும், நடுவில் இருந்தது நடுவுக்கு. எந்த மொழியிலும் நாக்குப் பிசகு பெரும்பாலும் இந்த ஒழுங்கை மீறுவதில்லை.

"தட்டை" மட்டும் ஏன் மற்றதைவிட அதிகமாக வருகிறது என்றால், அது நிஜ வார்த்தை. தீபாவளிக்கு முறுக்கோடு சேர்த்துச் சுடுகிறோமே, அதே தட்டை. பிசகி வரும் ஒலி ஒரு நிஜச் சொல்லாக அமைந்துவிட்டால் மூளை அதைத் தடுக்காமல் வெளியே விட்டுவிடும், சொல்லே இல்லாத "சச்ச" என்றால் கொஞ்சமாவது இழுத்துப் பிடிக்கும்.

இரண்டாம் படி: மெய்யெழுத்து எலும்புக்கூட்டை எழுதுங்கள்

உயிரை எடுத்துவிட்டு மெய்யை மட்டும் எழுதுங்கள். தச்ச என்பது த், ச்ச். சட்டை என்பது ச், ட்ட். தாத்தா என்பது த், த்த். வரிசையாக எழுதினால்:

த்–ச்ச், ச்–ட்ட், த்–த்த், த்–ச்ச், ச்–ட்ட்

இப்போது ஒவ்வொன்றையும் மெதுவாகச் சொல்லி நாக்கு எங்கே போகிறது என்று கவனியுங்கள். த வரும்போது நுனிநாக்கு மேல்பல்லின் பின்பக்கம் ஒட்டுகிறது. ச்ச வரும்போது நாக்கின் நடுப்பகுதி மேலண்ணத்தில் அழுந்தி, அப்புறம் உரசிக்கொண்டு விலகுகிறது. "சட்டை"யின் முதல் ச அப்படி அழுந்துவதில்லை. நம்மில் பெரும்பாலானவர்கள் அதைக் காற்று மட்டும் சீறிப் போகிற ஒலியாகத்தான் சொல்கிறோம், நாக்கு ஈறுக்கு அருகே போய் நிற்கும், ஒட்டாது. எழுத்து ஒன்றுதான், நாக்குக்கு வேலை இரண்டு, அதுவும் "தச்ச சட்டை" என்ற இடத்தில் இரண்டும் அடுத்தடுத்து. ட்ட வரும்போது நுனி மேலே மடிந்து அண்ணத்தைத் தொடுகிறது.

உதடு எங்காவது மூடியதா? இல்லை. அடிநாக்கு எழுந்ததா? இல்லை. எல்லாமே முன்நாக்கு, எல்லாமே குரல் அதிராத ஒலிகள், நடுவில் வருவதெல்லாம் இரட்டித்த மெய். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் நாக்கு தொடும் இடத்தில் ஒரு விரற்கடைகூட இல்லாத நகர்வு, அப்புறம் ஒட்டுகிறதா உரசுகிறதா என்பது. தன்மைகளில் பெரும்பாலானவை ஒத்துப்போய் ஒன்றோ இரண்டோ மட்டும் மாறுகிற ஒலிகள்தான் ஒன்றுக்கொன்று இடம் மாறும். அதனால்தான் க-வும் ம-வும் உள்ளே வரவே இல்லை.

எந்த வாக்கியத்தைக் கொடுத்தாலும் இந்த எலும்புக்கூட்டை எழுதிவிட்டால் சிக்கும் இடத்தை வாயைத் திறக்காமலே ஓரளவு சொல்லிவிடலாம். ஒரே வரிசை திரும்பத் திரும்ப வந்து, நடுவில் ஒரு இடத்தில் மட்டும் மாறுகிறதா, அங்கேதான். நம் வாக்கியத்தில் த்–த்த் என்ற தாத்தா அந்த இடம். த-வில் தொடங்கினால் அடுத்து ச்ச என்று நாக்கு எதிர்பார்க்கிறது, தாத்தா அந்த எதிர்பார்ப்பைக் கெடுக்கிறார். "தாச்சா" அப்படிப் பிறந்ததுதான்.

மூன்றாம் படி: ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள்

இது எனக்கு ரொம்பப் பிடித்த படி, ஏனென்றால் சொல்வதை நம்ப வேண்டியதில்லை, வாயே சாட்சி. வாக்கியத்தில் ஒரு சங்கதியை மட்டும் மாற்றி, மறுபடி அதே வேகத்தில் சொல்ல வேண்டும்.

முதலில் மெய்யை அப்படியே வைத்து உயிரை மாற்றுவோம். "யாரு தேச்ச சீட்டி, தாத்தா தேச்ச சீட்டி." சீட்டித் துணியை யார் இஸ்திரி போட்டார்கள் என்று கேட்கிறோம். எலும்புக்கூடு அச்சு அசல் அதேதான், த்–ச்ச், ச்–ட்ட். ஆனால் சொல்லிப் பாருங்கள், கணிசமாக லேசாகிவிடும். தச்ச, சட்ட என்ற இரண்டிலும் அ மட்டுமே இருந்தபோது ஒவ்வோர் அசையும் மற்றதன் அச்சாக இருந்தது. ஒரு ஒலிக்குப் பக்கத்தில் இருக்கும் உயிர் ஒன்றாகவே இருந்தால், அந்த உயிரைப் பிடித்துக்கொண்டு மெய்கள் இடம் மாறுவது அதிகமாகும். ஏ, ஈ என்று பிரித்துவிட்டால் "ஏ-க்கு முன்னால் த, ஈ-க்கு முன்னால் ச" என்று மூளைக்கு அடையாளம் கிடைத்துவிடுகிறது.

அப்புறம் உறுப்பை மாற்றுவோம். "யாரு வெச்ச பானை, மாமா வெச்ச பானை." அதே தாளம், ஏறத்தாழ அதே நீளம், வெச்ச என்பது இரண்டு தடவை வருவதும் அப்படியே. எத்தனை வேகமாகச் சொன்னாலும் சிக்காது. வ, ப, ம மூன்றும் உதட்டு வேலை, ச்ச நாக்கு வேலை. ஒன்று வேலை செய்யும்போது இன்னொன்று அடுத்ததற்குத் தயாராகிவிடும்.

ஆக, திரும்ப வருவது மட்டும் காரணமில்லை. ஒத்த தன்மைகள் திரும்ப வர வேண்டும், கூடவே ஒரே உறுப்பு கிட்டத்தட்ட ஒரே இடத்தில் போய் வந்துகொண்டே இருக்க வேண்டும், இரண்டும் சேர்ந்தால்தான் நாக்கு சுற்றும்.

நான்காம் படி: கப்பு தப்பு

இதுவரை பார்த்தது "தப்பான எழுத்து வந்தது" என்ற கணக்கு. உள்ளே இன்னொரு சங்கதியும் நடக்கிறது, அது காதுக்குப் பல நேரம் தெரியாது.

"கப்பு தப்பு கப்பு தப்பு" என்று தாளத்தோடு சொல்லுங்கள். கைப்பேசியில் மெட்ரோனோம் செயலி இருந்தால் நிமிடத்துக்கு 60 தட்டில் தொடங்குங்கள், தட்டுக்கு ஒரு வார்த்தை. பிறகு 80, 100, 120 என்று ஏற்றுங்கள். இங்கே உதடு ஒவ்வொரு வார்த்தையிலும் மூடுகிறது, ப்ப இரண்டிலும் இருக்கிறதே. அடிநாக்கு க-வுக்காக ஒரு வார்த்தை விட்டு ஒரு வார்த்தைதான் எழ வேண்டும், நுனிநாக்கும் த-வுக்காக அப்படித்தான். வேகம் ஏற ஏற த சொல்லும்போதே அடிநாக்கும் லேசாக எழ ஆரம்பிக்கும். கவனித்தால் தொண்டைப் பக்கம் ஓர் அடைப்பு மாதிரி தெரியும், த கொஞ்சம் கனத்துக் கேட்கும். சிலருக்கு எதுவுமே கேட்காது, ஆனால் நாக்கு எழுந்திருக்கும்.

இதே அமைப்பில், ஆங்கிலத்தில் "காப் டாப்" என்று திரும்பத் திரும்பச் சொல்ல வைத்து, நாக்கிலும் உதட்டிலும் சிறிய உணரிகளை ஒட்டி அசைவை அளந்த ஆய்வு ஒன்று 2007-இல் வந்தது. லூயிஸ் கோல்ட்ஸ்டீன், மரியான் பூப்லியர் முதலானோர் செய்தது. அவர்கள் கண்டது, பெரும்பாலான பிசகில் ஓர் ஒலி போய் இன்னொன்று வரவில்லை, வேண்டிய அசைவும் இருந்தது, வேண்டாத அசைவும் அதே நேரத்தில் கூடவே எழுந்தது. இரண்டுக்கு ஒன்று என்று ஓட வேண்டிய அசைவு, ஒன்றுக்கு ஒன்று என்று நழுவிவிடுகிறது. உடம்புக்கு அதுதான் சுலபமான தாளம்.

நம்பிக்கை வரவில்லையென்றால் கையை வைத்துப் பார்க்கலாம். மேசையில் வலது கையால் ஒவ்வொரு தட்டுக்கும் தட்டுங்கள், இடது கையால் ஒன்று விட்டு ஒன்று. வேகத்தை ஏற்றிக்கொண்டே போங்கள். ஒரு கட்டத்தில் இடது கை கேட்காமலே எல்லாத் தட்டுக்கும் வந்து சேரும். வாயில் உதடு வலது கை, அடிநாக்கு இடது கை.

தாத்தா சட்டைக்குத் திரும்பினால் அங்கே கதை கொஞ்சம் வேறு. கப்பு தப்புவில் இரண்டு வெவ்வேறு உறுப்புகள், ஒரே நேரத்தில் இரண்டும் எழ முடியும். தச்ச சட்டையில் எல்லாமே முன்நாக்கு, ஒரே தசைக்கு இரண்டு இடத்திலிருந்து அழைப்பு. பல்லுக்கும் போக முடியாது, மடிந்து அண்ணத்துக்கும் போக முடியாது, அதனால் நடுவில் எங்கோ போய் நிற்கும். வேகமாகச் சொன்ன பதிவில் "சட்டை"யின் ட்ட-வை மட்டும் கேட்டுப் பாருங்கள், ட்ட-வும் இல்லாமல் த்த-வும் இல்லாமல் அரைகுறையாக ஒன்று இருக்கும். போட்டி நடுவர்கள் இதைப் பிடிப்பதில்லை, பிடிக்கவும் வேண்டாம், பிள்ளைகள் பாவம்.

இந்த உறுப்புக் கணக்கு மூளையிலும் இருக்கிறது. வலிப்பு நோய்ச் சிகிச்சைக்காக மூளை மேல் மின்முனைகள் வைத்திருந்த மூன்று பேரைப் பேச வைத்து, பேச்சசைவை நடத்தும் பகுதியைப் பதிவு செய்த ஆய்வு 2013-இல் வெளியானது. மெய்யொலிகளைச் சொல்லும்போது அங்கே எழும் செயல்பாடு உதடு, முன்நாக்கு, பின்நாக்கு என்று உறுப்புவாரியாகக் கூடியது. த-வும் ச-வும் நமக்கு இரண்டு எழுத்து, அந்தப் பகுதிக்கு ஒரே தெருவில் பக்கத்துப் பக்கத்து வீடு.

ஐந்தாம் படி: ழ, ள, ல வருகிற வாக்கியமானால்

"ஏழைக் கிழவன் வாழைப்பழத் தோல் மேல் வழுக்கி விழுந்தான்" வகையறாவுக்கு ஒரு தனிச் சோதனை தேவை. நம் ஊர்ப் பேச்சில் ழ பெரும்பாலும் ள ஆகிவிடுகிறது, வாளப்பளம், களுவு என்றுதான் லயத்திலும் ஒட்டுக்கடையிலும் கேட்கிறோம். அப்படிப் பேசுகிற பிள்ளைக்கு ழ-வும் ள-வும் கலந்து வருகிற வாக்கியம் உண்மையில் சுலபம்! ழ, ள இரண்டும் ஒன்றாகிவிட்டதால் மாறி மாறிப் போக வேண்டிய இடங்கள் குறைந்துவிடும், பிள்ளை படபடவென்று சொல்லிவிட்டுப் போகும், ஆனால் நடுவர் மதிப்பெண்ணைக் குறைப்பார். ழ-வைச் சரியாகச் சொல்லும் பிள்ளைதான் நடுவில் தடுமாறும்.

தொல்காப்பியம் பிறப்பியலில் ல, ள இரண்டையும் ஒரு சூத்திரத்தில் வைத்து, நாவிளிம்பு தடித்துப் பல்லின் அடியைப் பொருந்தும்போது அண்ணத்தை ஒற்றினால் ல, வருடினால் ள என்கிறது. ழ-வை ர-வோடு சேர்த்து, நுனிநா மேலே வளைந்து அண்ணத்தை வருடப் பிறப்பது என்கிறது. ள-வில் நாக்கின் ஓரம் வழியாகக் காற்று போகிறது, ழ-வில் நாக்கு எதையும் அடைக்காமல் நடுவழியாகப் போகிறது. மடிக்கிற இடம் கிட்டத்தட்ட ஒன்று, காற்று போகும் வழி மட்டும் வேறு. சிக்கலுக்கு இதைவிட நல்ல ஜோடி கிடைக்காது.

ஆகவே முதலில் பிள்ளையிடம் "ஏழு" என்று தனியாக ஒரு வார்த்தை கேளுங்கள். தனியாகவே "ஏளு" என்றால் அது நாக்குப் பிசகு இல்லை, உச்சரிப்புப் பழக்கம், ழ-வைத் தனியாகச் சொல்லித் தர வேண்டும். தனியாகச் சரியாக வந்து வாக்கியத்தில் மட்டும் கெட்டால்தான் பிசகு, கீழே சொல்லும் பயிற்சி அதற்குத்தான். இரண்டையும் குழப்பிக்கொண்டு, ழ வராத பிள்ளையை வாக்கியம் முழுக்க இருபது தடவை சொல்ல வைப்பதில் இருவருக்கும் கோபம்தான் மிஞ்சும்.

ஆறாம் படி: பழகும் முறை

மொத்த வாக்கியத்தையும் முதலிலிருந்து திரும்பத் திரும்பச் சொல்லாதீர்கள். எலும்புக்கூட்டில் சிக்கும் இடம் எது என்று பார்த்தோமே, இரண்டு வார்த்தை சேரும் அந்த மூட்டுகளை மட்டும் எடுங்கள். இங்கே இரண்டு மூட்டு: "தச்ச சட்டை", "சட்டை தாத்தா". 60 தட்டில், தட்டுக்கு ஒரு வார்த்தை, பிசகாமல் நான்கு முறை வந்தால் மட்டும் வேகத்தை ஏற்றுங்கள். பிசகினால் ஒரு படி இறங்குங்கள். இரண்டு மூட்டும் 100-இல் வந்த பிறகு கடைசியிலிருந்து கட்டுங்கள்: தச்ச சட்டை, தாத்தா தச்ச சட்டை, சட்டை தாத்தா தச்ச சட்டை, அப்புறம் முழுசாக.

அழுத்தம் உதவும். "தாத்தா"வின் முதல் தா நெடில், அதைக் கொஞ்சம் நீட்டி ஓங்கிச் சொன்னால் அந்த இடைவெளியில் நாக்கு அடுத்த த்த-வுக்குத் தயாராகிவிடும். வெறும் வாயசைத்துச் சத்தமில்லாமல் சொல்லிப் பார்ப்பதும் நல்ல பயிற்சி, ஏனென்றால் அசைவு முழுக்க நடக்கிறது. மனசுக்குள் மட்டும் ஓட்டுவது அந்த அளவுக்கு உதவாது, நாக்கே அசையாத இடத்தில் நாக்குக்கு எப்படிப் பழக்கம் வரும்? ஆனாலும் மௌனமாகப் படித்தாலே இப்படிப்பட்ட வாக்கியங்களில் கண் மெதுவாகிறது என்று 1982-இலேயே கண்டிருக்கிறார்கள், அதாவது சிக்கல் கொஞ்சம் உள்ளேயும் இருக்கிறது.

முன்னேற்றத்தைப் பிசகின் எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பார்க்காதீர்கள், வகையையும் பாருங்கள். "தச்ச தட்டை" என்றால் முன்னால் சொன்ன த இன்னும் போகவில்லை, பழசு ஒட்டிக்கொண்டிருக்கிறது. "சச்ச சட்டை" என்றால் அடுத்து வர வேண்டிய ச அவசரப்பட்டு முந்திக்கொண்டது. பழகப் பழகப் பிசகு குறையும், மிச்சமிருக்கும் பிசகில் முந்திக்கொள்வது அதிகமாகும். கேரி டெல்லும் கூட்டாளிகளும் 1997-இல் நா பிறழ் தொடர்களைப் பழக வைத்தே இதைக் காட்டினார்கள். உங்கள் பிள்ளை பதிவில் "தட்டை" குறைந்து "சச்ச" மட்டும் மீந்திருந்தால் கவலை வேண்டாம், வாய் அடுத்ததைப் பார்க்க ஆரம்பித்துவிட்டது, இன்னும் இரண்டு நாள் போதும். இன்னும் "தட்டை"யே வந்துகொண்டிருந்தால் வேகத்தைச் சீக்கிரம் ஏற்றிவிட்டீர்கள் என்று அர்த்தம், 60-க்கே திரும்புங்கள்.

ஏழாம் படி: சொந்தமாக ஒன்று கட்டுங்கள்

போட்டியில் எல்லாரும் அதே பத்து வாக்கியத்தைச் சொல்லி அலுத்துவிட்டது, புதிதாக ஒன்று வேண்டுமென்றால் மேலே பார்த்ததைத் தலைகீழாகச் செய்ய வேண்டியதுதான். ஒரே உறுப்பில் பிறக்கும் மூன்று ஒலிகளை எடுங்கள், உயிரை ஒன்றாக்குங்கள், ஒரு வரிசையை இரண்டு தடவை ஓட்டிவிட்டு மூன்றாவதில் உடையுங்கள். நம் ஊர்ச் சடக்கை வைத்தே ஒன்று: "சடக்கோரத் தச்சர் தச்ச சட்டம், சட்டம் தச்ச தச்சர் சடக்கோரம்." தச்சர், தச்ச என்று கிட்டத்தட்ட ஒரே ஒலி இரண்டு தடவை ஓடிய பிறகு சட்டம் வந்து உடைக்கிறது, இரண்டாம் பாதி முழுக்கத் தலைகீழ். க-வும் ம-வும் ஓய்வு மாதிரி ஒன்றிரண்டு இடத்தில் மட்டும், அவற்றையும் எடுத்துவிட்டால் இன்னும் கொடுமையாகும்.

மலாயில் கட்டினால் வேறு ஒரு ஜோடி தயாராக இருக்கிறது, கெலாப்பா என்றால் தேங்காய், கெப்பாலா என்றால் தலை. ல-வும் ப-வும் இடம் மாறினாலும் நிஜ வார்த்தையாகவே இருக்கும், தட்டை மாதிரி, அதனால் பிசகு தாராளமாக வெளியே வரும்.

கட்டி முடித்ததும் நீங்களே சொல்லிப் பார்த்துக் கஷ்டமா சுலபமா என்று தீர்மானிக்காதீர்கள், கட்டும்போதே உங்கள் நாக்கு பழகியிருக்கும். அதைக் கேட்டே இராத ஒருவரிடம் எழுதிக் கொடுத்து, ஒரு தடவை மெதுவாக, மூன்று தடவை வேகமாகச் சொல்லச் சொல்லுங்கள். மெதுவாகச் சொல்லும்போதே தடுமாறினால் அது வார்த்தை தெரியாத தடுமாற்றம், வார்த்தையை மாற்றுங்கள். மூன்று தடவையும் சரளமாக வந்தால் எங்கோ உதடோ அடிநாக்கோ உள்ளே புகுந்து நாக்குக்கு ஓய்வு கொடுக்கிறது, எலும்புக்கூட்டை மறுபடி எழுதிப் பார்த்து அதைத் தூக்குங்கள்.